எழுதியது யாருடைய கை?

யாழ்ப்பாணத்தில் புத்தக வெளியீட்டு விழாக்களுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு ஒழுங்கு தெரியும். ஆசியுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, ஆய்வுரை எல்லாம் முடிந்து நூலாசிரியர் ஏற்புரைக்கு வரும்போது பாதிச் சனம் தேநீர்ப் பக்கம் போயிருக்கும். நூலாசிரியர் பார்வையற்றவராகவோ சக்கர நாற்காலியில் இருப்பவராகவோ இருந்தால் இன்னொன்றும் நடக்கும். பேச வந்த எல்லோரும் அவருடைய மனவுறுதியைப் பற்றியே பேசுவார்கள். புத்தகத்தில் என்ன இருக்கிறது என்பதை ஒருவரும் சொல்லமாட்டார்கள். வாசிக்காமலே சொல்லக்கூடிய பாராட்டு அது.

மாற்றுத்திறனாளிகள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிய நூல்களை இரக்கத்தையும் வியப்பையும் ஒருபக்கம் வைத்துவிட்டு வாசிக்க விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னைக் கேட்டால், அப்படி வாசிக்கத் தொடங்குவதற்கு நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வசனம் எழுதியவரிடமிருந்து காகிதத்துக்கு எந்த வழியாக வந்தது? சொல்பவர் ஒருவர், எழுதுபவர் இன்னொருவர், திருத்துபவர் மூன்றாமவர், அணிந்துரை தருபவர் நான்காமவர் என்று இந்த வகை நூல்களுக்குக் கைகள் அதிகம். 'பாவம்' என்ற தொனி பெரும்பாலும் இந்தக் கைமாற்றத்தில்தான் ஏறுகிறது.

கைமாற்றம் ஆகக் குறைவாக இருந்த ஒரு நூலை முதலில் பார்ப்போம். ஜோன் ஹல் அவுஸ்திரேலியாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி கற்பித்தார். சிறுவயதிலிருந்தே கண் வருத்தம் இருந்தது. நாற்பதுகளின் நடுவில் பார்வை முழுவதும் போய்விட்டது. 1983இல் அவர் கசெற்றில் நாட்குறிப்புப் பேசத் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் வரை பேசினார். அதுதான் 1990இல் 'டச்சிங் த ரொக்' என்ற நூலாக வந்தது. யாரும் கேள்வி கேட்டு எடுத்த பேட்டியல்ல அது. தனக்கு என்ன நடக்கிறது என்று தானே விளங்கிக்கொள்வதற்காகப் பேசியது.

அதில் மழையைப் பற்றிய ஒரு பகுதி வருகிறது. வீட்டுக் கதவைத் திறக்கிறார், வெளியே மழை. அதுவரை அவருக்கு அங்கே தோட்டம் என்று ஒன்று இல்லை. பார்வையற்றவருக்குச் சத்தம் போடாத பொருள் கையில் முட்டும்வரை இல்லாத பொருள்தான். மழை எல்லாவற்றின் மேலும் ஒரே நேரத்தில் விழுகிறது. கூரையில் ஒரு சத்தம், பாதையில் ஒரு சத்தம், செடியில் ஒரு சத்தம், தூரத்தில் இன்னொன்று. எது கிட்ட, எது எட்ட, எது உயரம், எது பள்ளம் என்று முழுத் தோட்டமும் காதுக்கு எழும்பி வருகிறது. அறைக்குள்ளும் இப்படி மழை பெய்தால் நல்லது, கதிரை மேசை எல்லாம் எங்கே இருக்கிறது என்று தெரியும் என்று ஆசைப்படுகிறார்.

நமக்கு இது இன்னும் இலகுவாகப் பிடிபடும். கார்த்திகை மழைக்குள் விறாந்தையில் கண்ணை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள். தகரத்தில் விழுவது வேறு, வாழையிலையில் விழுவது வேறு, கிணற்றுக்கட்டுச் சீமெந்தில் விழுவது வேறு. முற்றத்து மணலில் விழுவது அநேகமாகக் கேட்காது. அந்தச் சத்தமில்லாத இடம்தான் முற்றம். ஹல் சொல்வது இதைத்தான். இதை வாசித்தபின் பார்வையின்மையை ஒரு பெரிய இருட்டு என்று நினைத்துக்கொண்டிருக்க முடியாது. எந்தப் புலனுக்கு எந்த நேரத்தில் என்ன கிடைக்கிறது என்ற கணக்காக அது மாறிவிடுகிறது.

அதற்காக ஹல் துக்கத்தை மறைக்கவில்லை. மனைவி பிள்ளைகளின் முகங்கள் நினைவிலிருந்து மெல்ல மெல்ல அழிந்துபோவதை எழுதுகிறார். 3 என்ற இலக்கம் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் என்பதே மறந்து, காற்றில் விரலால் எழுதிப் பார்க்கவேண்டி வந்ததாம். சிரிப்பைப் பற்றி அவர் எழுதியதைப் பல ஆண்டுகளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எதிரே இருப்பவர் திருப்பிச் சிரிப்பது தெரியாவிட்டால் சிரிப்பு தானாக வருவதில்லை. இப்போது நான் சிரிக்கிறேன் என்று தெரிந்தே சிரிக்கவேண்டியிருக்கிறது. எழுதியவருடைய துக்கம் இருக்கிறதே, அது இரக்கத்தைக் கேட்பதல்ல. நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரியவைக்கிறது. வாசிப்பவர் கொண்டுவருகிற இரக்கத்துக்கு இவ்வளவு விபரம் தேவைப்படாது.

சரி, ஹல்லுக்குக் குரல் இருந்தது. குரலும் கையும் இல்லாவிட்டால்?

ஜான்-டொமினிக் போபி பாரிஸில் 'எல்' சஞ்சிகையின் ஆசிரியர். 1995 டிசம்பர் 8ஆம் திகதி மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தது. நினைவு திரும்பியபோது அறிவு முழுதாக இருந்தது. உடம்பில் கொஞ்சம் தலையசைவும் இடது கண்ணிமையும் மட்டும்தான் வேலை செய்தன. பேர்க் என்ற கடற்கரை ஊர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே அவர் ஒரு நூல் எழுதினார். 1997 மார்ச்சில் நூல் வெளிவந்த சில நாட்களில் இறந்துபோனார்.

எழுதிய முறை இதுதான். பிரெஞ்சில் ஆகக் கூடுதலாக வரும் எழுத்திலிருந்து ஆகக் குறைவாக வரும் எழுத்து வரை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல். ஈ, எஸ், ஏ, ஆர், ஐ, என் என்று அது தொடங்கும். குளோட் மெந்திபில் என்ற பெண் பக்கத்தில் இருந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். வேண்டிய எழுத்து வந்ததும் போபி ஒருமுறை இமைப்பார். அதை எழுதிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து. இப்படி ஒரு நேரத்தில் வசனத்தை யோசிக்க முடியாது என்பதால், மெந்திபில் வருவதற்கு முன்பே போபி விடியற்காலையில் வசனங்களை மனதில் கட்டி, சொல்லைக் கூட்டிக் குறைத்து, பந்தி பந்தியாக மனப்பாடம் செய்து வைத்திருப்பார். அந்த நூலின் சின்னச் சின்ன அத்தியாயங்களுக்கும் இறுக்கமான வசனங்களுக்கும் இந்த முறை ஒரு காரணம். நினைவில் வைத்திருக்கக்கூடிய அளவுதான் ஓர் அத்தியாயம்.

வந்து பார்த்தவர்கள் இந்தப் பட்டியலை எப்படிக் கையாண்டார்கள் என்றும் போபி எழுதுகிறார், அதுவும் நல்ல நக்கலோடு. சிலர் பதற்றத்தில் எழுத்தைத் தவறவிடுவார்கள். சிலர் பாதிச் சொல்லிலேயே மிச்சத்தைத் தாங்களே சொல்லி முடிப்பார்கள். ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கேட்கிறார். பிரெஞ்சில் அது 'லுனெத்'. முதல் சில எழுத்துகளிலேயே 'லூன்' என்று எடுத்துக்கொண்டு, நிலாவை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டாராம் ஒருவர். சொல்லை ஊகிக்காமல் கடைசி எழுத்து வரை காத்திருப்பவர்களும் உண்டு. அவர்களோடு வேலை மெதுவாகப் போகும், ஆனால் பிழை வராது. உதவிக்கு வருபவர் அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கண்ணாடி கேட்டவருக்கு நிலா கிடைத்தால் சிரிக்கலாம். 'கோபம் வருகிறது' என்று சொல்லத் தொடங்கியவருடைய வசனத்தை 'கவலையாக இருக்கிறது' என்று முடித்துவைத்தால் அது புத்தகத்தில் அப்படியே நின்றுவிடும்.

தமிழில் ஒருவர் இப்படி எழுதவேண்டி வந்தால் என்ன செய்வது? 247 எழுத்தையும் வரிசையாக வாசித்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் நம் எழுத்து ஏற்கனவே பிரித்து அடுக்கியபடிதான் இருக்கிறது. பதினெட்டு மெய்யும் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறு ஆறாக நிற்கின்றன. உயிர் பன்னிரண்டில் குறில் ஐந்து, நெடில் ஏழு. ஆகவே முதலில் இனத்தைக் கேட்கலாம்: வல்லினமா, மெல்லினமா, இடையினமா, அல்லது தனி உயிரா? இமைத்ததும் அந்த ஆறுக்குள் எழுத்தைக் கேட்கலாம். அப்புறம் குறிலா, நெடிலா, புள்ளியா? 'கதிரை' என்று சொல்ல வேண்டுமானால்: வல்லினம், க, குறில், அ. பிறகு வல்லினம், த, குறில், இ. பிறகு இடையினம், ர, நெடில், ஐ. பன்னிரண்டு இமைப்பில் சொல் முடிந்துவிடும். எழுத்தைச் சொல்பவர் எந்தக் கட்டத்திலும் ஆறு ஏழு எழுத்துக்கு மேல் வாசிக்கத் தேவையில்லை. ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிடலாம். பக்கவாதத்தில் பேச்சுப்போன ஒருவர் வீட்டில் இருந்தால், இன்றைக்கே செய்து பார்க்கக்கூடிய வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். போபியின் முறையில் இமைப்பு போபியுடையது. மற்றவர் அதைப் பார்த்து எழுதுகிறார், அவ்வளவுதான். பேசாத ஒருவருடைய கையையோ முழங்கையையோ உதவியாளர் பிடித்துக்கொண்டு, பலகையில் எழுத்தைச் சுட்டவைக்கிற முறையும் இருக்கிறது. 1980களின் கடைசியிலும் 90களிலும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது பெருமளவில் பரவியது. கவிதைகளும் வாழ்க்கைக் கதைகளும் வந்தன. பெற்றோர் அழுதார்கள். பிறகு ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பிள்ளைக்கு ஒரு படம், உதவியாளருக்கு வேறொரு படம். ஒருவருடையது மற்றவருக்குத் தெரியாது. என்ன பார்த்தாய் என்று கேட்டால், பலகையில் வந்தது உதவியாளர் பார்த்த படம். உதவியாளர் பொய் சொல்லவில்லை. தன் கை தள்ளுவது அவருக்கே தெரியவில்லை. அமெரிக்காவின் பேச்சு, மொழி, செவிப்புல வல்லுநர் சங்கம் 2018இல் இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது.

ஆகவே பேசாதவர் எழுதியதாக வரும் நூலைக் கையில் எடுத்தால் இரண்டு விடயங்களைப் பார்க்கிறேன். தெரிவு செய்யும் அசைவு அவருடையதா? எழுதிக் கொடுத்தவருக்குத் தெரிந்திருக்க முடியாத ஒன்றையாவது அவர் சொல்லியிருக்கிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் நூல் அவருடையது. இல்லையென்றால் மனதை உருக்குகிற வரிகள் எத்தனை இருந்தாலும், அது உதவியாளருடைய கற்பனையில் ஒரு மாற்றுத்திறனாளி என்ன நினைப்பார் என்பதுதான். அந்தக் கற்பனையில் அவர் எப்போதும் நன்றியோடு இருப்பார்.

ஹெலன் கெல்லரை இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் நாம் பள்ளிக்கூடத்தில் படித்ததிலிருந்து வேறு ஒருவர் தெரிவார். நமக்குத் தெரிந்தது குழாயடியும் தண்ணீரும் ஆன் சலிவன் ரீச்சரும். பத்தொன்பது மாதத்தில் வந்த காய்ச்சலுக்குப் பின் பார்வையும் செவிப்புலனும் போனது, 1887இல் ஆசிரியை வந்தது, கையில் எழுத்தெழுத்தாக உச்சரித்துச் சொல் பிடிபட்டது; அத்தோடு பாடம் முடிந்துவிடும். ஹெலனுக்கு அப்போது ஏழு வயதுகூட ஆகவில்லை. அவர் 1968 வரை வாழ்ந்தார்.

பதினொரு வயதில் அவர் ஒரு கதை எழுதி, பேர்க்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளித் தலைவருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். பள்ளி அதை அச்சிட்டது. பிறகு பார்த்தால் வேறொருவர் முன்பே எழுதிய கதையோடு அது நெருக்கமாக ஒத்துப்போனது. எப்போதோ அவருடைய கையில் யாரோ உச்சரித்து வாசித்த கதை. கேட்டது மறந்து கதை மட்டும் உள்ளே தங்கிவிட்டது. 1892இல் விசாரணை வைத்தார்கள். நான்கு பார்வையுள்ளவர்கள், நான்கு பார்வையற்றவர்கள். ஆசிரியையை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளையைத் தனியே கேள்வி கேட்டார்கள். எட்டுப் பேரும் சரிபாதியாகப் பிரிந்தார்கள். தலைவரின் வாக்கால் ஹெலன் தப்பினார். அதன்பிறகு தாய்க்குக் கடிதம் எழுதும்போதுகூட, இந்த வசனம் என்னுடையதா, எங்கேயோ வாசித்ததா என்ற பயம் வந்ததாக அவர் எழுதுகிறார். யோசித்துப் பார்த்தால், பார்வையும் செவிப்புலனும் உள்ள எந்தப் பதினொரு வயதுப் பிள்ளை வாசித்த கதையைத் திருப்பி எழுதவில்லை? அதற்காக யாரும் எட்டுப் பேரை உட்கார்த்தி விசாரிப்பதில்லை.

1903இல் வந்த 'த ஸ்டோரி ஒஃப் மை லைஃப்' நூலை இந்தப் பின்னணியோடு வாசிக்கவேண்டும். தட்டச்சு இயந்திரத்தில் அவரே அடித்தார்; அடித்ததைத் தானே திருப்பி வாசிக்க முடியாது. ஒருவர் கையில் உச்சரிக்கவேண்டும், அல்லது பிரெய்லில் மாற்றித் தரவேண்டும். ஜோன் மேசி தொகுத்தார். நூலில் ஹெலனுடைய பகுதி முதலாவது. பின்னால் அவருடைய கடிதங்கள். அதன் பின்னால் மேசி எழுதிய விளக்கமும் ஆன் சலிவனின் அறிக்கைகளும் கடிதங்களும். இந்தப் பெண் சொல்வது உண்மை என்பதற்கு மற்றவர்கள் சாட்சி சொல்லும் அமைப்பு அது. அதனால்தானோ என்னவோ, ஹெலனுடைய பகுதியில் நட்சத்திரமும் வானவில்லும் கொஞ்சம் தாராளமாகவே வரும். பார்வையுள்ளவர்களின் இலக்கிய மொழியில் எழுதிக் காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு இருந்தது. பிற்காலத்துப் பார்வையற்ற ஆய்வாளர்கள் சிலர் இதைக் கடுமையாகவே விமர்சித்தார்கள்.

ஐந்து ஆண்டு கழித்து 1908இல் வந்த 'த வேர்ல்ட் ஐ லிவ் இன்' கட்டுரைகளை வாசிக்கும் ஆட்கள் குறைவு. எனக்கு அதுதான் பெரிய நூல். அதில் சாட்சிகள் இல்லை. கைகுலுக்கலில் ஆளை எப்படி அடையாளம் காண்கிறார், நிலத்தின் அதிர்விலிருந்து நடப்பவரின் வயதை எப்படி ஊகிக்கிறார், வீட்டில் தச்சர் வேலை செய்யும்போது வாளும் சீவுளியும் சுத்தியலும் தொடுகைக்கு எப்படி வேறு வேறாக வந்து சேர்கின்றன என்றெல்லாம் எழுதுகிறார். பழைய நாட்டுப்புற வீட்டை மணத்தால் தெரியும் என்கிறார். அங்கே வாழ்ந்துபோன குடும்பங்களின் மணம் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்குமாம். மூடிக்கிடந்த நாற்சார் வீட்டைத் திறந்து உள்ளே போன எவருக்கும் இது விளங்கும். அதே நூலின் முன்னுரையில் ஒரு முறைப்பாடும் இருக்கிறது. மற்ற எழுத்தாளர்கள் விடயத்தை மாற்றிப் பேசலாம். என்னிடம் மட்டும் பத்திரிகை ஆசிரியர்கள் உன்னைப் பற்றியே எழுது என்கிறார்கள், இறக்குமதித் தீர்வையைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்க ஆளில்லை என்கிறார்.

அவர் விடயத்தை மாற்றிப் பேசியபோது என்ன நடந்தது என்பதற்கும் பதிவு இருக்கிறது. 1909இல் அமெரிக்க சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். முன்பு அவரை வானளாவப் புகழ்ந்த புரூக்ளின் பத்திரிகை ஆசிரியர் ஒருவர், இவருடைய தவறுகளுக்கு இவருடைய வளர்ச்சியில் இருந்த குறைபாடுதான் காரணம் என்ற பொருளில் எழுதினார். 1912இல் ஹெலன் பதில் எழுதினார்: முன்பு சந்தித்தபோது அவர் சொன்ன பாராட்டை நினைத்தாலே முகம் சிவக்கிறது, இடைப்பட்ட காலத்தில் என் அறிவு சுருங்கிவிட்டது போலும் என்று. பாராட்டியபோது குறைபாட்டை வென்றவர். கருத்துச் சொன்னபோது குறைபாட்டால் ஏமாந்தவர். இரண்டு இடத்திலும் அந்த ஆசிரியர் பார்த்தது குறைபாட்டை மட்டும்தான். ஒருவர் என்ன சொல்கிறார் என்பதோடு மல்லுக்கட்டத் தேவையில்லாமல் செய்துவிடும் வசதி இரக்கத்தில் இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். போருக்குப் பின் வடக்கில் கால், கை, பார்வை இழந்த ஆட்களின் வாழ்க்கைக் கதைகள் கூடுதலாக எழுதப்பட்டது புத்தகங்களில் அல்ல, தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகளில். 'வெற்றிக் கதை' என்று அதற்கு ஒரு வடிவம் உண்டு. ஒரு பக்கம், ஒரு படம். முதல் பந்தியில் ஷெல் விழும், இரண்டாம் பந்தியில் நம்பிக்கை போகும், மூன்றாம் பந்தியில் நிறுவனம் வரும், நான்காம் பந்தியில் கோழிக்கூடோ தையல் இயந்திரமோ. நிதி கொடுத்தவருக்கு அனுப்ப எழுதுவதால் அதில் குறை சொல்ல இடமில்லை. பல ஆண்டுகள் இப்படிக் கதை சொல்லிப் பழகியவர், பிறகு தானே புத்தகம் எழுத உட்கார்ந்தாலும் அதே நான்கு பந்தியில்தான் வாழ்க்கை வந்து விழும்.

அந்தப் பந்திகளுக்குள் வராதது என்ன என்பதற்குச் செயற்கைக்காலை எடுத்துக்கொள்ளலாம். இங்கே சனம் 'ஜெய்ப்பூர் கால்' என்று சொல்வது 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற வைத்தியரும் உருவாக்கிய பாதம். மேல்நாட்டுச் செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் போடுவதற்காகச் செய்தது. வெறுங்காலோடு நடக்கவும் குந்தி இருக்கவும் சம்மணம் கட்டவும் உதவாது. இது இறப்பரும் மரமும் சேர்த்துச் செய்தது. வெறும் பாதம் போலவே தோற்றம், வளைந்து கொடுக்கும், வயலிலும் இறங்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு நல்லூர் வீதி மணலில் நடக்கிற ஊருக்கு இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் கால் கிடைத்ததோடு கதை முடிவதில்லை. காலைத் துண்டித்தபின் மிஞ்சிய பகுதி மாதக்கணக்காகச் சுருங்கிக்கொண்டே போகும். அதை உள்ளே வாங்கும் கிண்ணம் முதலில் இறுக்கமாகப் பொருந்தும், பிறகு ஆடும். இடைவெளியை நிரப்ப ஒரு காலுறைக்கு மேல் இன்னொன்று போடவேண்டும். பங்குனி சித்திரை வெயிலில் உள்ளே வியர்த்து வழுக்கும். தோல் உரிந்தால் புண் ஆறும்வரை கால் மூலையில்தான். சின்ன வயதில் காலை இழந்த பிள்ளைக்கு வளர வளர மாற்றவேண்டும். கிணற்றடியில் குளிக்கும்போது கழற்றிய காலை எங்கே சாத்துவது, பாசி பிடித்த சீமெந்தில் எதைப் பிடித்துக்கொண்டு எழும்புவது, செத்தவீட்டில் எல்லோரும் பாயில் இருக்கும்போது தனக்கு மட்டும் கதிரை போட்டால் எப்படி இருக்கும்: இதெல்லாம் வெற்றிக் கதையில் வராது. நல்ல தன்வரலாற்றில் வரும். இப்படிப்பட்ட விபரம் பத்துப் பக்கத்துக்கு ஒன்றாவது இல்லாவிட்டால், எழுதியது அவர்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

விபரம் வராமல் போவதற்கு இன்னொரு காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. இங்கே கையால் எழுதமுடியாதவர் சொல்லச்சொல்ல எழுதுவது பெரும்பாலும் தாய், தங்கை, மருமகள், அல்லது படித்த பெறாமகன். தாயிடம் சொல்லி எழுதுவிக்கும் நூலில் காதல் வருமா? தன்னைத் தூக்கிக் கழுவுகிற அண்ணி மேல் வந்த கோபத்தை அண்ணியிடமே சொல்லி எழுதுவிக்கலாமா? ஊருக்குத் தெரிந்தால் தங்கச்சியின் கலியாணப் பேச்சு கெட்டுவிடும் என்று விட்டுப்போன அத்தியாயங்கள் எத்தனையோ இருக்கும். எழுதிக் கொடுப்பவர் வீட்டுக்கு வெளியே உள்ளவராக இருப்பது, அதுவும் சொன்னதைத் திருப்பி வாசித்துக் காட்டுகிறவராக இருப்பது, நூலின் உண்மையை நேரடியாகக் கூட்டும். ஹல்லின் கசெற் இயந்திரம் யாருடைய மச்சானும் அல்ல.

இப்போது கைத்தொலைபேசி வந்துவிட்டது. பார்வையற்ற ஒருவர் திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் திரைவாசிப்பானை வைத்துத் தானே தமிழில் எழுதலாம், குரலால் சொல்லியும் எழுதலாம், எழுதியதைக் கேட்டுத் திருத்தலாம். 1903இல் ஹெலனுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் அந்தக் கோப்பு அச்சகத்துக்குப் போனதும் பழைய நிலைமை திரும்பிவிடும், அதற்குக் காரணம் பாமினி.

நம் அச்சகங்களில் பக்க வடிவமைப்பு இன்னும் பெருமளவு பாமினி எழுத்துருவில் நடக்கிறது. பாமினியில் கண்ணுக்கு 'அம்மா' என்று தெரிந்தாலும், கோப்புக்குள் இருப்பது `mk;kh` என்ற ஆங்கில விசைகள்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போடுகிறது. திரைவாசிப்பான் முகமூடியைப் பார்க்காது. உள்ளே இருக்கும் விசைகளைத்தான் வாசிக்கும். தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யுனிகோட்டில் எழுதிக் கொடுத்த நூலாசிரியருக்குப் புறூவ் பார்க்க வரும் கோப்பு வெறும் எம், கே, எச் என்ற இரைச்சலாகக் கேட்கும். அச்சகத்தில் மாற்றும்போது வந்த பிழைகளை, யாரோ 'மெருகேற்றிய' வசனங்களை, கடைசி நேரத்தில் முன்னால் சேர்த்த அணிந்துரையை, அவரால் பார்க்கவே முடியாது. பார்வையுள்ள ஒருவரை நம்பித்தான் ஆகவேண்டும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. திருத்தம் எல்லாவற்றையும் யுனிகோட் கோப்பிலேயே முடித்து, நூலாசிரியர் கேட்டு ஒப்புக்கொண்ட பின்தான் வடிவமைப்புக்கு அனுப்பவேண்டும். வடிவமைத்த பக்கங்களிலிருந்து பாமினி வாசகத்தை எடுத்துத் திரும்ப யுனிகோட்டுக்கு மாற்றி, இரண்டு கோப்பையும் கணினியில் ஒப்பிட்டால் எங்கே சொல் மாறியது என்று உடனே தெரியும். கொம்பும் காலும் சேர்ந்து வரும் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகள்தான் மாற்றத்தில் அதிகம் உடையும்; அதை முதலில் பார்க்கலாம். அணிந்துரையையும் நூலாசிரியருக்கு முன்கூட்டியே யுனிகோட்டில் அனுப்பி, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் கொடுக்கவேண்டும். இன்றைய வடிவமைப்பு மென்பொருளின் புதிய பதிப்புகள் யுனிகோட் தமிழை நேரடியாகவே எடுக்கும் என்பதால், பாமினியே வேண்டாம் என்று அச்சகத்திடம் கேட்டுப் பார்க்கவும் செய்யலாம். பழகிய கை என்பதால் முதலில் மறுப்பார்கள்.

அச்சான பிறகு பிரதியை ஸ்கான் செய்து இணைய நூலகத்தில் ஏற்றுவது நம்மிடம் நல்ல வழக்கமாக வந்துவிட்டது. ஆனால் ஸ்கான் செய்த பக்கம் வெறும் படம். எழுத்துணரி கொண்டு வாசகமாக மாற்றாதவரை திரைவாசிப்பானுக்கு அதுவும் வெற்றுப் பக்கம்தான். நூலாசிரியர் ஒப்புக்கொண்ட யுனிகோட் கோப்பையும் அதோடு சேர்த்துக் கொடுத்தால், கைதடியிலோ சுன்னாகத்திலோ இருக்கும் பார்வையற்ற மாணவர் அதை அன்றைக்கே கேட்டு வாசித்துவிடுவார்.